முடி வெட்டிய படத்துக்கு என்ன கேப்ஷன் போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் தாடை வரைக்கும் வெட்டிட்டேன். ஃபோட்டோ ரெடி. கேப்ஷன்தான் வர மாட்டேங்குது. என்ன எழுதறது?

முடியைப் பற்றி எழுதாதீர்கள். முடி வெட்டியிருப்பது படத்திலேயே தெரிகிறது. "புதிய ஹேர்கட்", "நியூ லுக்", "மாற்றம் ஒன்றே மாறாதது" எல்லாமே பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கின்றன. அதனால்தான் எழுதும்போதே கை ஓடாமல் நிற்கிறது.

படத்தில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பார்லர் நாற்காலியிலிருந்து எழுந்ததற்கும் இந்தப் படத்தைப் போடுவதற்கும் நடுவில் கழிந்த நேரம் அது. போடலாமா, வேண்டாமா, நாளைக்குப் போடலாமா என்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னால் படிக்கிறவர் சிரிப்பார், ஏனென்றால் அவரும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தவர்தான்.

தவிப்பு இருந்தது நிஜம்தான். ஆனா "பயமா இருந்துச்சு"ன்னு எழுதினா சுவாரசியமாவே இல்லையே?

"பயமா இருந்துச்சு" என்பது ஒரு முடிவு. அதை வைத்து யாராலும் எதையும் கற்பனை செய்ய முடியாது. பயத்தில் நீங்கள் செய்த காரியத்தை எழுத வேண்டும். பின்னலைத் தூக்கி முன்னால் போடக் கை போய் வெறும் தோளைத் தொட்டது, கண்ணாடி இருக்கும் அறை விளக்கை அணைத்து வைத்தது, காலிங் பெல் அடித்ததும் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டது: இப்படி ஏதாவது ஒன்று கட்டாயம் நடந்திருக்கும்.

அதற்கு முன்னால், உங்கள் பயம் எது என்று பிரித்துப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். அதிகமாக வெட்டிவிட்டோமோ என்பது ஒன்று. இது உங்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நடப்பது. வீட்டில், ஊரில் என்ன சொல்வார்களோ என்பது இரண்டாவது. இதில் இன்னொரு ஆள் வருவார். மூன்றாவது, இவ்வளவு செய்தும் யாருமே கவனிக்காமல் போய்விடுவார்களோ என்பது. மூன்றையும் ஒரே கேப்ஷனில் போட்டால் எதுவும் ஒட்டாது. ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பயத்தில் செய்த ஒரு காரியத்தைத் தேடுங்கள்.

வெட்டிய அன்றிலிருந்தே ஃபோன் நோட்ஸில் ஒவ்வொரு வரியாகக் குறித்து வையுங்கள். மணி, இடம், பொருள், யார் என்ன சொன்னார் என்பது மட்டும் போதும். "மதியம் ஷாம்பூ பழைய அளவு எடுத்துட்டேன், கை நிறைய நுரை." இவ்வளவுதான் குறிப்பு. வேடிக்கையாக எழுத வேண்டியதில்லை. போடும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால் நாலைந்து வரி இருக்கும், அதில் ஒன்று தானாகவே கேப்ஷனாக நிற்கும்.

ஒரு கேப்ஷனை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எழுதிக் காட்ட முடியுமா?

ஒரு நிலவரத்தை வைத்துக்கொள்வோம். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் பெண், ஸ்கூட்டி ஓட்டுகிறவர். சனிக்கிழமை மாலை பாப் கட் செய்துகொண்டார். திங்கட்கிழமை மாலை வரை படத்தைப் போடவில்லை. அவருடைய குறிப்பில் இருப்பவை: வீட்டுக்குள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தது; பாட்டி "சளியா?" என்று கேட்டது, தெருவில் இறங்கினால் ஹெல்மெட்டைக் கழற்றாதது, ஏடிஎம் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி செக்யூரிட்டி நிறுத்தியது, நாற்பதுக்கு மேல் செல்ஃபி எடுத்து அழித்தது.

முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

> புது லுக்! ரொம்ப யோசிச்சு, ரொம்ப பயந்து, கடைசியா போட்டுட்டேன். எப்படி இருக்கு ஃப்ரெண்ட்ஸ்?

இதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் வேறு யாருடைய படத்துக்கும் பொருந்தும். புதுக் கண்ணாடிக்கும் போடலாம், புது ஸ்கூட்டிக்கும் போடலாம்.

அடுத்த முயற்சியில் எல்லாக் குறிப்பையும் வரிசையாகக் கொட்டத் தோன்றும். பார்லருக்குப் போனது, அக்கா "நிஜமாவா?" என்று மூன்று முறை கேட்டது, துப்பட்டா, பாட்டி, ஹெல்மெட், ஏடிஎம், செல்ஃபி. அது பன்னிரண்டு வரி போகும். பாட்டி கேட்ட "சளியா?" தனியாக நல்ல வேடிக்கை, ஏடிஎம்மும் நல்ல வேடிக்கை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று மழுக்கிவிடும். எனவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஏடிஎம் வலுவானது, ஏனென்றால் அங்கேதான் ஒளிப்பது முடிவுக்கு வருகிறது. படத்தைப் போடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

> முடி வெட்டி ரெண்டு நாள் ஆச்சு.
> வீட்ல துப்பட்டா, வெளிய ஹெல்மெட்.
> இன்னிக்கு ஏடிஎம் வாசல்ல செக்யூரிட்டி அண்ணா ஹெல்மெட்டக் கழட்டச் சொல்லிட்டாரு.
> அவரு மட்டும் பார்த்தா நியாயமில்லையே. நீங்களும் பாருங்க.

முதல் வரியில் செய்தியும் தாமதமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இரண்டாவது வரியில் வினைச்சொல்லே இல்லை. "போட்டு மறைச்சுக்கிட்டேன்" என்று எழுதியிருந்தால் படிக்கிறவர் தானாகப் புரிந்துகொள்ளும் சுகம் போயிருக்கும். மூன்றாவது வரி நீளமானது, மாட்டிக்கொள்ளும் இடம், அதனால் அவசரப்படுத்தவில்லை. நாலாவது வரி படத்தைப் பார்க்க ஒரு காரணம் கொடுக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, முடி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

பாட்டியின் கேள்வியை வீணாக்க வேண்டாம். யாராவது "வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். அங்கே பதிலாகப் போடுங்கள்.

இதெல்லாம் நடக்கலைன்னா சும்மா நடந்த மாதிரி எழுதலாமா?

வேண்டாம். உங்களை அறிந்தவர்தான் முதலில் படிக்கிறார். ஸ்கூட்டியே இல்லாதவர் ஹெல்மெட் கதை எழுதினால், முதல் கமெண்ட்டே "உங்கிட்ட ஏதுடி ஹெல்மெட்?" என்று வரும். நடந்தது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டோவில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டது, ஆட்டோக்கார அண்ணன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது, இதுவே போதும்.

நாலு வரி எழுதினா யாரு படிப்பாங்க? "மேலும்"னு கட் ஆயிடுதே?

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் உண்டு, ஆனால் ஓடுகிற பக்கத்தில் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அந்த முதல் வரியிலும் தொடக்கத்தை உங்கள் கணக்குப் பெயர் பிடித்துக்கொள்கிறது. தமிழ் எழுத்து அகலமானது வேறு. ஆகவே ஏழெட்டுச் சொல்லுக்குள் ஆளை நிறுத்த வேண்டும்.

"முடி வெட்டி ரெண்டு நாள் ஆச்சு." இது ஐந்து சொல். அப்புறம் ஏன் இன்றைக்குப் போடுகிறார் என்ற கேள்வி படிக்கிறவர் மனதில் எழும், விரல் தானாக "மேலும்" பக்கம் போகும். மாறாக முதல் வரியிலேயே கடைசிச் சிரிப்பைச் சொல்லிவிட்டால் மீதியைத் திறக்க யாருக்கும் காரணமில்லை.

முதல் வரியில் கத்தரிக்கோல் எமோஜியை வைப்பது பலருக்கும் பழக்கம். அது இரண்டாவது சொல்லுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். எமோஜி வேண்டுமென்றால் கடைசி வரிக்குப் பின்னால் ஒன்று வையுங்கள். ஹேஷ்டேக்கையும் அங்கேயே, ஒரு வரி இடைவெளி விட்டு.

வரி உடைப்பதில் ஒரு சிறு கவனம். நோட்ஸிலிருந்து ஒட்டும்போது சில நேரம் இடைவெளிகள் சேர்ந்து எல்லாம் ஒரே பத்தியாகிவிடும். போடுவதற்கு முன் ஒருமுறை மேலிருந்து கீழ் பாருங்கள். நாலு வரி வேடிக்கை ஒரே பத்தியானால் செத்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் கிடைக்கும் அந்த ஒரு நொடி நிறுத்தம்தான் சிரிப்பைத் தாங்கி நிற்கிறது.

வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் கணக்கு வேறு. படம் சில நொடிகளில் நகர்ந்துவிடும், எழுத்து படத்தின் அடிப்பகுதியில் இருக்கும். அங்கே ஒரே வரி: "ரெண்டு நாளா ஹெல்மெட்டோட சுத்தினது இதுக்குத்தான்." அது போதும்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க"ன்னு கேட்டா என்ன தப்பு?

தப்பில்லை, ஆனால் பதில் ஒன்றுதான் வரும்: "சூப்பர்." நேரில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். உண்மையில் பிடிக்காதவர் பேசாமல் போய்விடுவார், அந்த மௌனத்தை எண்ணிக்கொண்டு நீங்கள் ராத்திரி உட்கார்ந்திருப்பீர்கள்.

இதைவிட மோசமானது, "கேவலமா இருக்கேன்ல?" என்று எழுதுவது. அது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் படிக்கிற ஒவ்வொருவருக்கும் உங்களைத் தேற்றும் வேலையைக் கொடுக்கிறது. "திட்டாதீங்க" என்று தொடங்கினால், திட்டலாம் என்ற எண்ணமே இல்லாதவருக்கும் அதை நினைவூட்டியது போலாகும். கேலி உங்கள் தவிப்பின் மேல் இருக்கட்டும், முகத்தின் மேல் வேண்டாம். ஏடிஎம் கேப்ஷனில் சிரிப்பு முழுக்க ஒளிந்து திரிந்ததன் மேல்தான் இருக்கிறது. முடியைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் கிடையாது.

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால், பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். "வகிடு நடுவுலயா, ஓரத்துலயா?" என்றால் ஆளுக்கு ஒரு கட்சி எடுப்பார்கள். "கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம், பூ எங்க வைக்கறது?" என்றால் பெரியம்மாவிலிருந்து ஆபீஸ் தோழி வரை யோசனை சொல்ல வருவார்கள்.

பேச்சுத் தமிழ்ல எழுதறதா, இல்ல சுத்தமான தமிழ்லயா?

உங்கள் குரலில் சொல்கிற கதை என்றால் பேச்சுத் தமிழ். அதிலும் உங்கள் ஊர்ப் பேச்சு. கோயம்புத்தூர்க்காரர் "ங்க" போடட்டும், திருநெல்வேலிக்காரர் "ல" போடட்டும். ஒரே கேப்ஷனில் "ஆச்சு" என்று தொடங்கி "ஆகிவிட்டது" என்று முடிப்பதுதான் கூடாது. "போட்டுட்டிருந்துட்டேன்" மாதிரி நீளமாகப் போகும் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், வேடிக்கை அதற்குள் தாண்டிப் போய்விடும். அங்கே சொல்லை மாற்றிவிடுங்கள்.

எழுத்துத் தமிழுக்கும் ஒரு நல்ல உபயோகம் உண்டு. ரொம்பச் சின்ன விஷயத்தை ரொம்பப் பெரிய அறிவிப்பின் நடையில் சொல்வது. தாமதம்தான் உங்கள் பொருள் என்பதால், தாமதத்தை அறிவிக்கும் நடை கையிலேயே இருக்கிறது:

> பயணிகளின் கனிவான கவனத்திற்கு.
> சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வரவேண்டிய புகைப்படம், கண்ணாடி முன் ஏற்பட்ட நெரிசல் காரணமாக 48 மணி நேரம் தாமதமாக வருகிறது.
> ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.

இது நிற்பதற்குக் காரணம், நடை கடைசி வரை உடையாமல் இருப்பது. நடுவில் "ஹிஹி" என்றோ "சாரி ஃப்ரெண்ட்ஸ்" என்றோ ஒரு சொல் நுழைந்தால் ஒலிபெருக்கி அணைந்துவிடும். மணிக்கணக்கு உங்களுடைய உண்மைக் கணக்காக இருக்கட்டும்.

வெட்டின அன்னிக்கே போடணுமா, தலைக்குக் குளிச்சு முடிச்சப்புறம் போடணுமா?

படம் எடுப்பது அன்றைக்கே. போடுவது உங்கள் விருப்பம். இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பதால்தான் பாதிப் பதற்றம்.

பார்லரில் ப்ளோ டிரை செய்து, சீரம் தடவி அனுப்பியிருப்பார்கள். அந்தப் படிமானம் முதல் முறை தலைக்குக் குளிக்கும் வரைதான். அதற்கு முன்னாலேயே ஹெல்மெட் போட்டால் உச்சி அமுங்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்திலேயே நுனி சுருள ஆரம்பிக்கும். ஆகவே பார்லரை விட்டு வெளியே வந்ததும், வெயில் நேரடியாகப் படாத நிழலில் நின்று, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என மூன்று கோணத்திலும் எடுத்துவிடுங்கள். பின்பக்கத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். வெட்டின் வடிவம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

போடுவதை முதல் குளியல் வரை தள்ளுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரத்தில் முடி நீண்டு தொங்கும், காய்ந்ததும் ஏறும். சுருட்டை முடியில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். நெற்றியில் பேங்ஸ் வெட்டியவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான்: ஈரத்தில் புருவத்தைத் தொட்டது காய்ந்தபின் நடு நெற்றிக்கு ஏறி உட்காரும். வீட்டுத் தண்ணீரில், வீட்டு ஷாம்பூவில் குளித்துக் காய்ந்தபின் உங்கள் தலை எப்படி நிற்கிறதோ அதுதான் நாளை எல்லோரும் நேரில் பார்க்கப் போவது. அதைப் பார்த்துத் தெளிந்தபின் போடுவது நல்லது. அந்தக் காத்திருப்பே கேப்ஷனும் ஆகும்:

> பேங்ஸ் வெட்டினது வெள்ளிக்கிழமை. குளிச்சது சனிக்கிழமை.
> ஞாயித்துக்கிழமை முழுக்க அதைக் கீழ இழுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.
> வரல. அதனால ஃபோட்டோ வந்திருக்கு.

கண்ணாடில நல்லா இருக்கு, ஃபோட்டோல ஏதோ கோணலா இருக்கு. அதனாலதான் போடவே பயம்.

கண்ணாடியில் உங்கள் வலது வலதுபக்கமே தெரியும். நீங்கள் வருடக்கணக்காகப் பழகிய முகம் அது. ஃபோட்டோ மற்றவர் பார்ப்பது போலத் திருப்பிக் காட்டுகிறது, வகிடு எதிர்ப்பக்கம் போய்விடும். நீள முடியைப் பின்னலாகப் போட்டிருந்த காலத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் பட்டிருக்காது. ஓர வகிடு எடுத்த குட்டை முடியில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் காதுக்குப் பின்னாலும் இருப்பதால், திருப்பியவுடன் வேறு ஆள் போல இருக்கும். வெட்டில் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

சோதிப்பது எளிது. படத்தை கேலரியில் திருத்தும் இடத்தில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அப்போது "ஆங், இதுதான் நான்" என்று தோன்றினால் பிரச்சினை பழக்கம் மட்டுமே. திருப்பாத படத்தையே போடுங்கள், மற்றவர்களுக்குப் பழக்கமான நீங்கள் அதுதான். திருப்பிய படத்தைப் போட்டால் சட்டைப் பொத்தானும் பின்னால் இருக்கும் கடைப் பலகையும் காட்டிக்கொடுக்கும்.

செல்ஃபி கேமராவில் முகத்துக்கு மிக அருகில் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெரிதாகி, முடி பின்னுக்குப் போய்ச் சிறுத்துத் தெரியும். கை நீளத்துக்கு அப்பால், இன்னொருவரைக் கொண்டு, ஐந்தடி தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஃபோட்டோவையும் சேர்த்துப் போடறேன். எது முதல்ல?

கேப்ஷன் எதை ஒளித்து வைக்கிறதோ, அதையே முதல் படமும் ஒளித்து வைக்கட்டும். ஏடிஎம் கேப்ஷனுக்கு ஹெல்மெட் போட்ட படம் முதலில், புது முடி இரண்டாவதாக. பழைய பின்னல் படம் வேண்டுமானால் மூன்றாவதாக வரட்டும். பழையது முதலில் வந்தால், ஓட்டத்தில் பார்ப்பவர் பழைய படம் என்றே தாண்டிவிடுவார்.

ஒரு நஷ்டம் உண்டு. உங்கள் பக்கத்தின் கட்டங்களில் நிற்பது முதல் படம்தான். ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கு அங்கே ஒரு ஹெல்மெட் மட்டும் தெரியும். அது வேண்டாம் என்றால் புது முடிப் படத்தையே முதலில் வைத்துவிட்டு, ஒளிக்கும் வேலையைக் கேப்ஷனிடம் மட்டும் விடுங்கள். இரண்டாவது வழிதான் பெரும்பாலோருக்குச் சரிவரும் என்பது எங்கள் கருத்து.

அம்மா இன்னும் பார்க்கல. ஊர்ல இருக்காங்க. போஸ்ட்ல பார்த்துத் தெரிஞ்சுக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். சித்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, "உன் பொண்ணு சொல்லவே இல்லையா?" என்று கேட்டபின் அம்மா கூப்பிட்டால், பேச்சு முடியைப் பற்றி இருக்காது. தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, சிக்கெடுத்து அந்த முடியை வளர்த்தவரில் அவரும் ஒருவர். முதலில் வீடியோ காலில் காட்டிவிடுங்கள். ஸ்டேட்டஸில் சிலரை மட்டும் விலக்கிப் போடும் வசதி இருக்கிறது, ஆனால் அதை நம்ப வேண்டாம். விலக்காத அத்தை ஒருவர் எப்போதும் இருப்பார்.

காட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு. அம்மாக்கள் அந்த நேரத்தில் சொல்வதை யாராலும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது.

> போஸ்ட் போடலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன்.
> ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "வளர்ந்துடும்"னாங்க.

இப்படி ஒருவர் சொன்னதை எடுத்துப் போடும்போது, சொன்னபடியே போடுங்கள், மெருகேற்ற வேண்டாம். போடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோபத்தில் சொன்னதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஆம்பளைங்களுக்கு ஏதாவது சொல்லுங்க. பத்து வருஷ மீசையை எடுத்துட்டேன்.

மீசை எடுத்த முகத்தை அடையாளம் காணவே ஊருக்கு ஒரு நாளாகும். இங்கே காத்திருப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்தான், முதலில் யார் நிமிர்ந்து பார்க்கிறார் என்பதில்.

> மீசையை எடுத்து மூணு மணி நேரமாச்சு.
> அப்பா இன்னும் பேப்பர்லேர்ந்து நிமிரல.
> விளையாட்டுப் பக்கத்துக்கு வந்துட்டாரு. அதுக்குள்ள போட்டுடறேன்.

கடைசி வரியில் கடிகாரம் ஓடுகிறது, அதனால் "தைரியமா போட்டுட்டேன்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் பொறுத்தவரை, மீசை இருந்த இடம் மற்ற முகத்தைவிட வெளுத்துத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் அது இன்னும் எடுப்பாகும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், அல்லது நாலைந்து நாள் பொறுங்கள்.

பழனில மொட்டை போட்டேன். அதுக்கும் இந்த மாதிரி வேடிக்கையா எழுதலாமா?

எழுதலாம். ஆனால் முதல் வரியில் ஊரையும் வேண்டுதலையும் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தகப்பன், தாய் இறந்தாலும் மொட்டை போடுவார்கள், நோய்க்கான சிகிச்சையிலும் முடி போகும். வெறும் மொட்டைப் படத்தைப் பார்த்ததும் உங்களுடன் தினமும் பேசாத ஒருவர் பதறிப்போய், வீட்டில் யாருக்கு என்ன என்று வேறு யாரிடமாவது விசாரிப்பார். "பழனி, வேண்டுதல்" என்ற இரண்டு சொல் அந்தப் பதற்றத்தைத் தடுக்கும். அதற்குப் பிறகு விளையாடலாம்:

> பழனி. வேண்டுதல் நிறைவேறிச்சு.
> சந்தனம் காயட்டும், அப்புறம் போஸ்ட் போடலாம்னு இருந்தேன்.
> காஞ்சுடுச்சு. வெயில் தாழட்டும்னு இருந்தேன்.
> தாழ்ந்துடுச்சு. வேற காரணம் கிடைக்கல.

சாக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோவதுதான் இங்கே வேடிக்கை. வேண்டுதலைத் தொடவே இல்லை. எதற்காக வேண்டிக்கொண்டீர்கள் என்பது குடும்பத்தில் இன்னொருவரின் உடம்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதை எழுத வேண்டாம்.

சந்தனம் பூசிய மொட்டையை உச்சி வெயிலில் எடுத்தால் மேற்பகுதி வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். அந்தி வெளிச்சம் வரை நிஜமாகவே காத்திருங்கள்.

நிஜமாவே வெட்டு சொதப்பிடுச்சு. ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு. அதையும் வேடிக்கையா போட்டுடவா?

முதலில் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் போனால் பெரும்பாலான இடங்களில் சமன் செய்து தருவார்கள். அதற்கு முன்னால் போஸ்ட் போட்டால் படம் பழையதாகிவிடும், கேள்வி மட்டும் மிச்சமிருக்கும். கடையின் பெயரைப் போட்டுக் கேலி செய்வதும் வேண்டாம். வெட்டியவரின் பிழைப்பு அது.

சரிசெய்யவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றால், முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரும் சற்றுக் கூடவும் வளரும். தாடையளவு முடி தோளுக்கு வர முக்கால் வருடம் போல ஆகும். அதுவரை ஒளிய முடியாது. போட்டுவிடுவதே சுலபம். அந்தக் கணக்கையே எழுதலாம்: "தீபாவளிக்குள்ள வளர்ந்துடும்னு நெனச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொங்கல்னு வந்துச்சு. சரி, இப்பவே பார்த்துக்கோங்க."

போட்டுட்டேன். அரை மணி நேரமா சத்தமே இல்ல. கேப்ஷன்ல எழுத்துப்பிழை வேற. எடுத்துட்டுத் திரும்பப் போடவா?

எடுக்க வேண்டாம். எழுத்துப்பிழையை அப்படியே உள்ளே போய்த் திருத்தலாம், படமும் வந்த கமெண்ட்டும் அங்கேயே இருக்கும். எடுத்துவிட்டு மறுபடி போட்டால், முதலில் பார்த்த பத்துப் பேருக்கு நீங்கள் தயங்கியது தெரிந்துவிடும், அவர்கள் எழுதியதும் போய்விடும்.

கேப்ஷனையே மாற்றத் தோன்றினால் முதல் மணி நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் வந்த கமெண்ட்டுகள் பழைய கேப்ஷனுக்குப் பதிலாக எழுதப்பட்டவை. ஏடிஎம் வரியை நீக்கிவிட்டால், கீழே ஒருவர் எழுதியிருக்கும் "செக்யூரிட்டி அண்ணா என்ன சொன்னாரு?" என்பது யாருக்கும் புரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவர் நிஜமாகவே ஏதாவது சொல்லியிருந்தால், அதை இதற்காகத்தான் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.